பூட்டிய வீட்டுக்கு மறுநடை: எப்படிச் சொல்வது, எந்த வண்டியில் அனுப்புவது, காசு யார் கொடுப்பது

ராமநாதபுரம் டவுனில் இருந்து தங்கச்சிமடத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் போகிறது. குட்டியானையில் டிரைவர் ஒருவர், லோடுமேன் ஒருவர். ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஓடி, பாம்பன் பாலம் தாண்டி, வாசலில் போய் நின்றால் வீடு பூட்டியிருக்கிறது. பில்லில் இருக்கும் நம்பர் வீட்டுக்காரருடையது. அவர் கடலில் இருக்கிறார், போன் போகவில்லை. இந்த இடத்தில் கடைக்காரர் மூன்று முடிவு எடுக்க வேண்டும்: வாடிக்கையாளருக்கு எந்த வழியில் சொல்வது, மறுபடி எப்போது எந்த வண்டியில் அனுப்புவது, அந்த நடைக்குக் காசு கேட்பதா வேண்டாமா. மூன்றுக்கும் பல வழிகள் உண்டு. கரையோர ஊர்களுக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பும் கடைக்கு எது ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சொல்லும் வழி

போன், வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, வாசலில் துண்டுச்சீட்டு என்று நான்கு வழிகள் இருக்கின்றன. பல கடைகளில் நடப்பது இதுதான்: டிரைவர் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார், எடுக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடுவார். சாயங்காலம் கடையில் கணக்கு ஒப்படைக்கும்போதுதான் ‘அந்த வீடு பூட்டு’ என்ற தகவல் வரும். அதற்குள் வீட்டம்மா பக்கத்து வீட்டில் விசாரித்து, ‘வண்டி வந்துட்டுப் போயிருச்சாம்’ என்று கேள்விப்பட்டு, கடைக்குப் போன் போட்டுச் சண்டையையும் தொடங்கியிருப்பார். தகவல் கடையில் இருந்து முதலில் போகாவிட்டால் அடுத்து என்ன பேசினாலும் சமாளிப்பாகத்தான் கேட்கும்.

ஆகவே வண்டி வாசலில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். முதல் வழி போன்தான். மற்ற வழிகளில் தகவல் மட்டுமே போய்ச் சேரும். போனில் பேசினால் அந்த நிமிடமே தீர்வும் கிடைக்கலாம். ‘நான் ஏலக்கடையிலதான் நிக்கிறேன், பத்து நிமிசத்துல வந்துர்றேன்’ என்று பதில் வந்தால் மறுநடையே தேவையில்லை. ஒரு நம்பருக்கு இரண்டு தடவை, பத்து நிமிட இடைவெளியில் அடிக்க வேண்டும். பிறகு பில்லில் உள்ள இரண்டாவது நம்பர். மொத்தம் 15 நிமிடம் காத்திருந்தால் போதும். அதற்கு மேல் நின்றால் ராமேஸ்வரத்தில் அடுத்து இறக்க வேண்டிய வீடும் தள்ளிப்போகும்.

வாட்ஸ்அப் மலிவு, எழுத்தில் இருக்கும், போட்டோவும் அனுப்பலாம். ஆனால் கரையோரத்தில் அதற்கு ஒரு ஓட்டை இருக்கிறது. கடலுக்குள் போன போனுக்கு ஒற்றை டிக்தான் விழும். ஒற்றை டிக் என்றால் செய்தி அவர் போனுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். ‘மெசேஜ் போட்டாச்சு’ என்று டிரைவர் சொன்னால் ‘எத்தனை டிக்?’ என்று கேளுங்கள். ஒற்றை டிக்கை வைத்துக்கொண்டு ‘தகவல் சொல்லியும் வரவில்லை’ என்று எழுதிக் கட்டணம் போடக்கூடாது. அரை மணி நேரம் கழித்தும் ஒற்றை டிக்காக இருந்தால் இரண்டாவது நம்பருக்குச் சாதாரணக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள். டேட்டா போடாத போனிலும் அது வந்து விழும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கதை வேறு. பில்லில் இருப்பது பல நேரம் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனுடைய நம்பர். செய்தி உடனே போய்விடும், நீல டிக்கும் விழும். ஆனால் படித்தவர் கதவைத் திறக்க முடியாத தூரத்தில் இருக்கிறார். அங்கே காசு கொடுப்பவர் நம்பர், வீட்டில் இருப்பவர் நம்பர் என்று இரண்டையும் பில்லில் வாங்காமல் சரக்கு ஏற்றுவதே வீண். பேச வேண்டியது வீட்டில் இருக்கும் லாத்தாவிடம். கட்டணம் உண்டு என்றால் அந்தச் செய்தி மகனுக்கும் போக வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் ‘எனக்குத் தெரியாதே’ என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார்.

துண்டுச்சீட்டு மட்டும் போதாது. கடற்காற்றில் கதவிடுக்கில் செருகிய தாள் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் போன் எதுவும் கிடைக்காத வீட்டில் வேறு வழியில்லை. அப்போது சீட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வாங்கியவர் பெயரை டிரைவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எது சிறந்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், போனில் பேச்சு, அடுத்த 15 நிமிடத்துக்குள் எழுத்தில் ஒரு செய்தி. பேச்சு முடிவெடுக்க உதவும், பேசியதற்கு அத்தாட்சி எழுத்துதான். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் அதே விஷயத்தைக் குரல் பதிவாக அனுப்பலாம், அதுவும் பதிவுதான்.

எழுத்தில் போகும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதில் இப்போது ஒரு புதுச் சிக்கல். ‘உங்கள் பார்சல் வந்தது, முகவரி சரியில்லை, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்’ என்று தபால் துறை பெயரிலும் கூரியர் பெயரிலும் மோசடிச் செய்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடையின் செய்தியும் அதே சாயலில் இருந்தால் விவரமான வாடிக்கையாளர் அதைத் தொடவே மாட்டார், தொடவும் கூடாது. அதனால் லிங்க் வேண்டாம், ஓடிபி கேட்க வேண்டாம், முன்பணமாக யுபிஐ கேட்க வேண்டாம். பில் நம்பரும் பொருளின் பெயரும் இருக்கட்டும். திருப்பிக் கூப்பிடப் பில்லில் அச்சடித்த அதே கடை நம்பரைக் கொடுங்கள். கட்டணம் இருந்தால் பொருளை இறக்கிய பிறகு, ரசீதோடு. ஒரு மாதிரி:

“வணக்கம் அக்கா. பில் எண் 2318, ஒரு கதவு ஃபிரிட்ஜ். இன்று செவ்வாய் காலை 11.20க்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம், வீடு பூட்டியிருந்தது. இரண்டு நம்பருக்கும் அழைத்தோம். பொருள் பத்திரமாகக் கடைக்குத் திரும்புகிறது. வரும் வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது, அதில் அனுப்பினால் கட்டணம் இல்லை. அதற்கு முன்பே வேண்டும் என்றால் தனி வண்டிக்கு 1,350 ரூபாய், இறக்கிய பிறகு கொடுத்தால் போதும். எது வசதி என்று பில்லில் உள்ள கடை நம்பரில் சொல்லுங்கள்.”

இதில் வரிசை முக்கியம். முதலில் நடந்தது, அடுத்து பொருள் எங்கே இருக்கிறது, பிறகு காசில்லாத வழி, கடைசியில் காசுள்ள வழி. கட்டணத்தை முதலில் எழுதினால் மீதியை யாரும் படிக்க மாட்டார்கள். ‘நீங்கள் வீட்டில் இல்லாததால்’ என்று தொடங்கவும் கூடாது. ‘வீடு பூட்டியிருந்தது’ என்றாலே போதும், விஷயம் புரியும், குத்தலும் இருக்காது.

மறுநடைக்கு நான்கு வழி

இதே ஃபிரிட்ஜை வைத்தே பார்ப்போம். கடையின் வண்டி செவ்வாயும் வெள்ளியும் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்ற வரிசையில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, அடுத்த லைன் வண்டி. வெள்ளிக்கிழமை எப்படியும் அந்தப் பக்கம் வண்டி போகிறது. கூடுதலாக ஓடுவது தெருவுக்குள் திரும்பும் தூரம் மட்டும். கடைக்கு உண்மையான செலவு, குடோனில் ஒருமுறை இறக்கி மறுபடி ஏற்றும் கூலி, சுமார் 150 ரூபாய். வாடிக்கையாளருக்கு மூன்று நாள் காத்திருப்பு. பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான வழி, கடைக்கும் இதுதான் மலிவு.

இரண்டாவது வழி, மறுநாளே தனி வண்டி. கணக்கு இப்படி: போக வர 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடினால் 6 லிட்டர் டீசல், லிட்டர் 94 என்று போட்டால் 564 ரூபாய். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் நாள் கூலி ஆளுக்கு 800 என்றால் அரை நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 800. மொத்தம் 1,364. சில்லறையை விட்டு 1,350. இதில் வண்டித் தேய்மானமும் கடை லாபமும் சேரவில்லை. கட்டணத்தைக் கேட்டு ‘என்ன தம்பி, கொள்ளையா இருக்கு’ என்று சொல்பவரிடம் இந்த நான்கு வரிக் கணக்கை அப்படியே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘கம்பெனி ரூல்’ என்ற பதில் யாரையும் சமாதானப்படுத்தாது. டீசல் இவ்வளவு, ஆள்கூலி இவ்வளவு என்றால் வலைக்கும் டீசலுக்கும் தினமும் கணக்குப் பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

தனி வண்டியைப் பங்கிட்டுக்கொள்ளவும் முடியும். மறுநாள் மண்டபத்துக்கு ஒரு வாஷிங் மெஷின், பாம்பனுக்கு ஒரு பீரோ போக வேண்டியிருந்தால் மூன்று பேருக்கும் பிரித்தால் தலைக்கு 450. ஆனால் மற்ற இரண்டும் இலவச டெலிவரிக்கு ஒப்புக்கொண்ட சரக்காக இருந்தால் அந்தப் பங்கைக் கடைதான் ஏற்க வேண்டும். ஒரே நடைக்கு மூன்று பேரிடமும் முழுக் காசு வாங்கினால் ஊருக்குள் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு வருவது. செலவே இல்லை, நடையும் மிச்சம். டிரைவர்களுக்குப் பிடித்த வழி இதுதான், வில்லங்கம் அதிகம் உள்ளதும் இதுதான். செய்வதாக இருந்தால் வாடிக்கையாளரின் சம்மதத்தைப் போனில் நேரடியாகக் கேட்க வேண்டும்.

“அக்கா, கடை வண்டி டிரைவர் பேசுறேன். ஃபிரிட்ஜ் வந்துருக்கு, வீடு பூட்டியிருக்கே.”

“அய்யோ தம்பி, நான் ராமேஸ்வரத்துல நிக்கிறேன். அவுக கடலுக்குப் போயிட்டாக. பக்கத்து வீட்டு மதினிகிட்ட எறக்கிருங்க.”

“சரிக்கா. அட்டைப்பெட்டியைப் பிரிக்காம அப்படியே எறக்கிர்றோம். மதினி பேரு சொல்லுங்க, அவுககிட்ட கையெழுத்து வாங்கிக்கிறேன். பிரிச்சுப் பாத்து அடி கிடி இருந்தா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கடைக்குப் போட்டோ அனுப்பிருங்க.”

கடைசி வரிதான் முக்கியம். வழக்கமாகப் பெட்டியைப் பிரித்து, பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். பக்கத்து வீட்டில் இறக்கினால் அந்தச் சோதனை நடக்காது. அதற்குப் பதிலாக ஒரு நாள் அவகாசம் கொடுக்காவிட்டால், ஒடுக்கு எங்கே விழுந்தது என்ற பேச்சு முடியவே முடியாது. பெட்டியின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது டிரைவருக்கும் நல்லது. மொபைல், நகைப் பெட்டி மாதிரி கைக்கு அடங்கும் விலையுயர்ந்த பொருளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

நான்காவது வழி, பாதி வழியில் வைத்துவிடுவது. பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ கடைக்குத் தெரிந்த வியாபாரியிடம் பெட்டியை இறக்கிவிட்டால், வாடிக்கையாளர் தனக்கு வசதியான நேரத்தில் லோடு ஆட்டோ பிடித்து எடுத்துக்கொள்ளலாம். பாம்பனில் இருந்து தங்கச்சிமடத்துக்கு ஆட்டோக்காரர் 300 கேட்டாலும் தனி வண்டியைவிட மலிவு. அன்று சாயங்காலமே பொருள் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கடைசித் தூரத்தில் அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவில் ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் பழக்கமும் உண்டு. படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். வந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு ‘கூலிங் வரல’ என்று போன் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இந்த வழி மிக்ஸி, டிவி, மின்விசிறிக்கு நல்லது. ஃபிரிட்ஜுக்கு, நிமிர்த்திக் கட்டிக் கொண்டுபோக ஆள் இருந்தால் மட்டும்.

தங்கச்சிமடத்து ஃபிரிட்ஜுக்கு என் முடிவு: போன் கிடைத்துச் சம்மதமும் வந்தால் பக்கத்து வீடு. கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை லைன் வண்டி. தனி வண்டி என்பது வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் மட்டும். வீட்டில் விசேஷம் என்றோ, பழைய ஃபிரிட்ஜ் நின்றுபோய்விட்டது என்றோ சிலர் 1,350 கொடுக்கத் தயாராகவே இருப்பார்கள்.

எந்த வழியானாலும் திரும்பும் சரக்கு ராத்திரி வண்டியிலேயே கிடக்கக் கூடாது. கரையோர ஈரக்காற்றில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ராத்திரி இருந்தாலே அட்டைப்பெட்டி இளகிவிடும். மறுநாள் தூக்கும்போது கைப்பிடி ஓட்டை கிழியும், பெட்டி நழுவும். ஒடுக்கு விழுவது அங்கேதான். இன்னொன்று, கம்பெனி மெக்கானிக்குக்குப் போட்டுவைத்த டெமோ தேதியையும் அன்றே தள்ளிவைக்க வேண்டும். மறந்தால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மெக்கானிக் போய் நிற்பார். அந்தக் கோபமும் கடையின் தலையில்தான் விழும்.

அடுத்த தேதியைக் கடையே முடிவு செய்து சொல்வதைவிட, ‘வெள்ளிக்கிழமை வீட்டில் யார் இருப்பார்கள்?’ என்று கேட்பது நல்லது. விசைப்படகு எந்த நாள் போகும், எந்த நாள் கரையில் நிற்கும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும், கடைக்குத் தெரியாது. கீழக்கரைக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தை விட்டுவிட்டுக் காலையிலோ மூன்று மணிக்கு மேலோ போக வேண்டும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்கு நேரம் குறிப்பதே தப்பு. தீவுக்குச் சாலை ஒன்றுதான். கூட்டம் மொத்தமும் அந்தப் பாலத்தில்தான் வரும்.

காசு யார் தருவது

கட்டணத்துக்கும் மூன்று முறைகள் உண்டு. எல்லோருக்கும் இலவசம் என்பது ஒன்று, யாராக இருந்தாலும் ஒரே தொகை என்பது ஒன்று, காரணம் பார்த்து வாங்குவது ஒன்று. இலவசம் என்றால் டவுனுக்குள் தாங்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் தாங்காது. சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றில் நிற்கும் லாபத்தில் பெரும்பகுதியை ஒரு தனி நடை தின்றுவிடும். ஒரே தொகை என்றால் சொல்வதற்குச் சுலபம். ஆனால் கடையின் தப்புக்கும் வாடிக்கையாளர் காசு கட்டும் நிலை வரும். அங்கேதான் சண்டை. ஆகவே காரணம் பார்த்து வாங்குவதே நியாயம். ஆனால் காரணத்தைத் தீர்மானிப்பது டிரைவரின் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது.

கடைத் தப்பு என்றால் காசு இல்லை. காலை 10 முதல் 1 வரை என்று சொல்லிவிட்டு 3 மணிக்குப் போனது, தெருப் பெயரைத் தப்பாக அடித்தது, வேறு மாடல் ஏற்றியது, முதல் நாள் போன் செய்யாமல் போனது எல்லாம் இதில் அடங்கும். அப்போது தனி வண்டியும் கடைச் செலவுதான். புயல் எச்சரிக்கை, பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டது போன்றவை யார் தப்பும் இல்லை. அதற்கும் காசு இல்லை, அடுத்த லைன் வண்டியில் போகும். வாடிக்கையாளர் பக்கம் என்று சொல்ல இரண்டு அத்தாட்சி வேண்டும்: முதல் நாள் பேசி நேரம் ஒப்புக்கொண்டது, அன்றைய இரண்டு அழைப்பும் பதிவில் இருப்பது. பூட்டிய கதவின் போட்டோ நேரத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் அதில் விழக் கூடாது. அந்த வாடிக்கையாளருக்குத் தவிர வேறு குரூப்பில் போடவும் கூடாது.

அப்படி இருந்தாலும் முதல் தடவை லைன் வண்டியில் இலவசமாகவே அனுப்புவது நல்லது. போகிறது 150 ரூபாய். இரண்டாவது தடவையும் பூட்டியிருந்தால் அந்த 150-ஐ வாங்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ‘அபராதம்’ என்ற சொல் வாயில் வரக் கூடாது, ‘மறுநடை ஏற்றுக்கூலி’ என்றே ரசீதில் எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகு வீடுகளில் ஆள் இருப்பார்கள், காசு இருக்காது. பொருள் வந்ததும் தருகிறேன் என்றவர் வாசலில் கையைப் பிசைவார். அது பூட்டிய வீடு அல்ல, பணம் தயாராகாத வீடு. முதல் நாள் போனிலேயே ‘பாக்கி இவ்வளவு, கையில் இருக்கிறதா?’ என்று தயங்காமல் கேட்டுவிட்டால் அந்த நடை மிச்சம்.

எந்தக் கட்டணமும் பொருள் வாங்கும்போதே சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, டெலிவரிச் செலவு உட்பட மொத்த விலையைப் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை உண்டு. நேரடிக் கடைக்கும் அதே ஒழுங்கு நல்லது. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் சொன்னதாக ஆகாது. முன்பக்கத்தில், தொகைக்குக் கீழே, இரண்டு வரி: ‘சொன்ன நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் அடுத்த லைன் வண்டியில் ஒருமுறை இலவசம், மறுபடியும் பூட்டியிருந்தால் ரூ.150. தனி வண்டி கேட்டால் பாம்பன் பாலம் தாண்டி ரூ.1,350, வரி உட்பட.’ ஜிஎஸ்டி பதிவுள்ள கடை, வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அந்தத் தொகையை அச்சடிக்க வேண்டும். வாசலில் வந்து ‘இதுக்கு மேல வரி’ என்று கேட்கக் கூடாது.

பில்லில் இல்லாத கட்டணத்தை வாசலில் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்று டிரைவர் நின்றால் வாடிக்கையாளர் 1915-க்கு அடிக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். கடைக்காரர் டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கட்டணத்தில் தகராறு வந்தால் பொருளை இறக்கிவிட்டு வா, காசை நான் போனில் பேசிக்கொள்கிறேன். 150 ரூபாய்க்காக அதே ஃபிரிட்ஜை இரண்டாவது தடவையும் பாலம் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தால், மேலே போட்ட கணக்கில் இன்னொரு நடை சேர்ந்துவிடும்.